கண் படத்துக்குக் கொடுத்த 800 ரூபாய்

எங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல் என்னவென்று எங்களுக்கே சொல்வதற்கு ஒருவருக்கு 800 ரூபாய் கொடுத்திருக்கிறேன். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் குடியிருப்பில் என்னைத் தவிர இன்னும் இரண்டு வீடுகளில் இதே கதை நடந்திருப்பது தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

ஒளியிழை இணைப்பு வந்த அன்றைக்கு, தெருமுனையில் கடை வைத்திருப்பவர்தான் வந்து ரவுட்டரை மாட்டிக் கொடுத்தார். என் கைபேசியையும் கணவருடைய கைபேசியையும் வாங்கி, கடவுச்சொல்லைத் தானே தட்டி இணைத்துக் கொடுத்தார். என்ன தட்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. புதிய தொலைக்காட்சி வாங்கினோம், அது கடவுச்சொல் கேட்டது. அப்போதுதான் எங்கள் வீட்டுச் சாவி எங்களிடம் இல்லை என்பது உறைத்தது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த வில்லையில் ஒரு கடவுச்சொல் அச்சிட்டிருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. அது தொழிற்சாலையில் வைத்து அனுப்பியது. யாராவது மாற்றிவிட்டால் வில்லையில் இருப்பதற்கு மதிப்பில்லை.

கடைக்காரரை அழைத்தேன். "அம்மா, கடவுச்சொல் உள்ளே ரகசியக் குறியீடாக மாறியிருக்கும். யாராலும் படிக்க முடியாது. மென்பொருள் போட்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டும், 800 ரூபாய் ஆகும்" என்றார். மாலையில் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. இருபது நிமிடம் கழித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் காபியும் கொடுத்து அனுப்பினேன்.

அந்தச் சீட்டு பூஜை அறை மேசை இழுப்பறையில் இருந்து எப்போது காணாமல் போனது என்று தெரியாது. நான்கு மாதம் கழித்துத் தங்கை மகன் வந்தபோது கடவுச்சொல் கேட்டான். கடைக்காரரை அழைக்கலாம் என்றேன், 800 ரூபாய்க் கதையையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய உதவி. "பெரியம்மா, உங்கள் கைபேசியைக் கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டான்.

அவன் செய்ததை அப்படியே எழுதுகிறேன். என் கைபேசி ஏற்கெனவே வைஃபையில் இணைந்திருந்தது. அமைப்புகளில் அந்த இணைப்பின் விவரத்தைத் திறந்தால் ரவுட்டரின் முகவரி இருக்கிறது. எங்களுடையது 192.168.1.1. சில வீடுகளில் 192.168.0.1 அல்லது 192.168.100.1 என்று இருக்கும். அதை உலாவியின் முகவரிப் பட்டையில் இப்படித் தட்டினான்:

```
http://192.168.1.1
```

பக்கம் உடனே வரவில்லை. கைபேசி மொபைல் டேட்டா வழியாகத் தேடிக்கொண்டிருந்தது. டேட்டாவை நிறுத்தியதும் உள்நுழையும் பக்கம் வந்துவிட்டது. பாதுகாப்பற்ற தளம் என்று உலாவி ஓர் எச்சரிக்கை காட்டியது. வீட்டு ரவுட்டர்களின் பக்கம் பெரும்பாலும் மறையாக்கம் இல்லாமல்தான் வரும். சொந்த வீட்டுக்குள் இருந்து திறக்கும்போது அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இங்கேதான் நான் குழம்பினேன், நீங்களும் குழம்பலாம். இந்தப் பக்கம் கேட்கும் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. இது ரவுட்டரை ஆள்பவருக்கானது. அதுவும் அடி வில்லையில் பயனர் பெயரோடு அச்சிட்டிருந்தது. கடைக்காரர் அதை மாற்றவே இல்லை. மாற்றியிருந்தாலோ, இணைய நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தாலோ இந்த வழி அங்கேயே அடைபட்டுவிடும். அப்போது நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைத்தான் அழைக்க வேண்டும். ஒளியிழைப் பெட்டிகள் பலவற்றில் அவர்கள் இருந்த இடத்திலிருந்தே வைஃபை கடவுச்சொல்லை மாற்றித் தருகிறார்கள்.

உள்ளே போனதும் `Wireless` பகுதி, அதற்குள் `Security`. வைஃபை பெயருக்குக் கீழே ஒரு கட்டத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். கட்டத்தின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு கண் படம். அதைத் தொட்டான். புள்ளிகள் எழுத்துகளாக மாறின. கைபேசியை வாங்கியதிலிருந்து இதுவரை இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

அந்தக் கடவுச்சொல், கடைக்காரருடைய கடையின் பெயர். பின்னால் 123.

"உடைத்து" எடுத்தாராம்! அவரே வைத்த கடவுச்சொல்லை, அவருடைய கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும் பெயரை, இருபது நிமிடம் மடிக்கணினியில் தேடியிருக்கிறார். சீட்டில் எழுதிக் கொடுத்தபோதே கவனித்திருக்க வேண்டாமா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆங்கில எழுத்துகளில், பின்னால் எண்ணும் ஒட்டியிருந்ததால் அன்றைக்கு அது பெயராகவே கண்ணில் படவில்லை.

அவர் சொன்ன ரகசியக் குறியீட்டுக் கதையைப் பற்றித் தங்கை மகனிடம் கேட்டேன். வங்கிக் கணக்கு போன்றவற்றில் கடவுச்சொல்லைத் திரும்பப் படிக்க முடியாத வடிவில் வைப்பார்கள். அதனால்தான் மறந்தால் புதியது வைக்கச் சொல்கிறார்கள், பழையதைச் சொல்வதில்லை. வீட்டு வைஃபையில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல். வருகிற ஒவ்வொரு கருவியோடும் அதை ஒத்துப்பார்க்க வேண்டியிருப்பதால் ரவுட்டர் பொதுவாக அதைத் தன்னிடமே மீண்டும் படிக்கக்கூடிய வடிவில் வைத்துக்கொள்கிறது. புள்ளிகள் பக்கத்தில் நிற்பவர் எட்டிப்பார்க்காமல் இருக்கப் போட்ட திரைதான். கண் படம் அந்தத் திரையை விலக்குகிறது, அவ்வளவுதான். சில ரவுட்டர்களில் கண்ணுக்குப் பதில் `Show Password` என்றொரு கட்டம் இருக்கும், அதில் குறி போட வேண்டும். சிலவற்றில் `Hide` என்ற கட்டத்தில் ஏற்கெனவே குறி இருக்கும், அதை எடுக்க வேண்டும். சில பழைய பெட்டிகள் திரையே போடாமல் எழுத்துகளாகவே காட்டிவிடும்.

எல்லா ரவுட்டரும் காட்டும் என்று சொல்லமாட்டேன். எதிர் வீட்டில் கண்ணைத் தொட்டால் எழுத்துக்குப் பதில் எட்டு நட்சத்திரக் குறிகள் வந்தன. அந்தப் பெட்டி உண்மையான சொல்லைப் பக்கத்துக்கு அனுப்புவதே இல்லை, வெறும் குறிகளை அனுப்புகிறது. அங்கே பழையதைப் பார்க்க வழியில்லை, புதியது வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி, கடைக்காரர் வைத்ததல்ல, உலாவி வைப்பது. உள்நுழையும் கடவுச்சொல்லை உலாவியில் சேமித்து வைத்திருந்தால், அதே ரவுட்டரின் பக்கங்களில் புள்ளிகள் உள்ள வேறு கட்டத்திலும் சில நேரம் அது தானாகப் போய் அதை நிரப்பிவிடும். மறுநாள் நானே பயிற்சிக்காகக் கணினியில் திறந்தபோது இது நடந்தது. கண்ணைத் தொட்டேன், வந்தது வைஃபை கடவுச்சொல் அல்ல, உள்நுழையும் கடவுச்சொல். அதைப் பார்த்துவிட்டுக் கீழே `Apply` அழுத்தியிருந்தால் வைஃபை கடவுச்சொல்லே அதுவாக மாறி, அந்த வைஃபையில் இணைந்திருந்த கருவிகள் எல்லாம் அறுந்திருக்கும். பார்க்க மட்டும் போகிறவர்கள் அந்தப் பொத்தான் பக்கமே போக வேண்டாம். சந்தேகமாக இருந்தால் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள், சேமித்த சொற்கள் அங்கே தானாக வந்து உட்காருவது குறைவு.

மேல் மாடி ஐயாவுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் என் 800 ரூபாய் ஒன்றுமே இல்லை. அவரும் கடவுச்சொல் மறந்துதான் இதே ஆளை அழைத்திருக்கிறார். வந்தவர் ரவுட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்தினார். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வில்லையில் இருப்பதற்கே திரும்பின, இணையம் மட்டும் வரவில்லை. "பெட்டி போய்விட்டது" என்று சொல்லி 2,900 ரூபாய்க்குப் புதியது விற்றுவிட்டார். பெட்டி எங்கும் போகவில்லை. துளையை அழுத்தினால் வைஃபை விவரத்தோடு, இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாமே அழிந்துவிடும். அவை `PPPoE` என்ற பகுதியில் இருப்பவை. ஒளியிழை விளக்கு நிலையாகப் பச்சையில் இருந்து, இணைய விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஐயாவின் விளக்குகள் அன்றைக்கு அப்படித்தான் இருந்தனவாம். தங்கை மகன் சொல்லி, பழைய பெட்டியை மாட்டி, நிறுவனத்திடம் அந்த இரண்டு விவரங்களையும் கேட்டுப் போட்டார்கள். ஓடுகிறது. கடவுச்சொல் மறந்ததற்காக யாராவது ஊசியைக் கையில் எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கடைக்காரரை நேரில் போய்க் கேட்டேன். "நேரம் செலவழித்து வந்தேனே அம்மா, உழைப்புக்குக் கூலி வேண்டாமா?" என்றார். வேண்டும். வந்து போவதற்கு 200 ரூபாய் கேட்டிருந்தால் மனமாரக் கொடுத்திருப்பேன். தெரிந்த சொல்லைத் தெரியாததுபோல் நடித்ததற்குக் கூலி கிடையாது என்றேன். அதன் பிறகு கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று உள்ளே போய்விட்டார். பணம் வரவில்லை.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. பக்கத்து வீட்டாரும் அவரிடம்தான் இணைப்பு வாங்கினார்கள். அவர்களே தங்கள் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து கண்ணைத் தொட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் அதே கடைப் பெயர், அதே 123. ஆள்பவருக்கான கடவுச்சொல்லும் மாற்றாமல் கிடந்தது. அதாவது ஒரு வீட்டின் வைஃபை கடவுச்சொல் தெரிந்தவருக்கு மற்ற வீடுகளின் வைஃபைக்குள் நுழைய முடியும், ஆள்பவருக்கான கடவுச்சொல்லும் தெரிந்திருந்தால் ரவுட்டரையே ஆளவும் முடியும்.

அன்றைக்கே இரண்டையும் மாற்றினேன். முதலில் ஆள்பவருக்கானது, பிறகு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்சுக்கும் 5 கிகாஹெர்ட்சுக்கும் எங்கள் பெட்டியில் தனித்தனிப் பக்கம். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றொன்றில் பழையதே தங்கிவிடும் என்பதால் இரண்டிலும் மாற்றிவிட்டு, இரண்டிலும் கண்ணைத் தொட்டு ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடலாம் என்றார் கணவர். வேண்டாம் என்றேன். அந்தக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

மாற்றுவதற்கு முன்னால் தங்கை மகன் அதே பக்கத்தில், அப்போது இணைந்திருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்து காட்டினான். ஒன்பது இருந்தன. எங்கள் வீட்டில் எத்தனை முறை எண்ணினாலும் ஆறுதான்.