கட்டிங் பிளேயரா, சைடு கட்டரா: இழுப்பறைப் படத்தைப் பார்த்தே சொல்வது எப்படி?

தங்கை மகன் டூல்பாக்ஸ் இழுப்பறையை மேலிருந்து படம் எடுத்து அனுப்பினான். ஒயர்களைக் கட்டிய நைலான் டையின் வாலை ஒட்ட நறுக்க வேண்டுமாம். "மாமா, சிவப்புப் பிடி போட்டதுதானே கட்டிங் பிளேயர்? அதை எடுத்துக்கவா?"

அவன் சொன்ன பேர் சரி, ஆனால் வேலைக்கு வேண்டிய கருவி அதில்லை. பேச்சுவழக்கில் நாம் கட்டிங் பிளேயர் என்பது காம்பினேஷன் பிளேயரை. பிடிக்கவும் முறுக்கவும் செய்யும், கூடவே வெட்டவும் செய்யும். வெட்டுவதற்கென்றே செய்தது சைடு கட்டர். படத்தில் இந்த இரண்டும்தான் அதிகம் மாறிப்போகின்றன. பிடியின் நிறம் உதவாது. செட்டாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்தான் இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது மூட்டின் அகலத்தை. ஆணி அடித்திருக்கும் இடத்தில் தலை எவ்வளவு அகலம், அதைத் தாண்டி வாய் எவ்வளவு நீளம் என்று திரையில் விரலை வைத்தே அளந்துவிடலாம். சைடு கட்டரின் வாய் குட்டை. மூட்டின் அகலம் அளவுக்குத்தான் இருக்கும், பல சமயம் அதைவிடக் குறைவு. காம்பினேஷனில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நோஸ் பிளேயரில் இரண்டு மடங்குக்குக் குறையாது, பெரியவற்றில் மூன்று நான்கு மடங்கு வரை போகும். ஒரே கருவியின் இரண்டு அளவுகளைத்தான் ஒப்பிடுகிறோம் என்பதால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, மூடிய வாயின் நடுவே பார்க்க வேண்டும். காம்பினேஷனில் நுனி மழுங்கலாக, சதுரமாக முடியும். அதற்குப் பின்னால், இரண்டு தாடைக்கும் நடுவே முட்டை வடிவில் ஓர் இடைவெளி தெரியும்; உள்ளே பெரிய பெரிய பற்கள். உருண்டையான கம்பியையும் குழாயையும் பிடிக்கிற இடம் அது. வெட்டும் விளிம்பு அதற்கும் பின்னால், ஆணியை ஒட்டி, சின்னதாக ஒளிந்திருக்கும். சைடு கட்டரில் பற்களே கிடையாது. வாய் முழுக்க விளிம்புதான், நுனிவரை வரும். விளிம்பை நோக்கிச் சரிவாகத் தீட்டிய பளபளப்பு படத்தில் நன்றாகவே தெரியும். மூடியிருக்கும்போது அதிலும் ஒரு மெல்லிய பிளவு தெரியலாம். ஆனால் அது நுனியை நோக்கி ஒடுங்கும், முட்டை போல வயிறு வைக்காது.

நோஸ் பிளேயரை யாரும் தவறவிட மாட்டார்கள் என்று நினைப்போம். படம் எடுத்த கோணம் ஏமாற்றிவிடும். பிடிப் பக்கம் நின்று சாய்வாக எடுத்தால் வாயின் நீளம் சுருங்கி, அகலம் மட்டும் அப்படியே நிற்கும். நோஸ் பிளேயர் காம்பினேஷன் மாதிரி ஆகிவிடும். நுனி வளைந்த வகையோ நேர் மேலிருந்து எடுத்தாலும் குட்டையாகத்தான் தெரியும், வளைவு கீழ்நோக்கிக் கிடந்தால். அப்போது பார்க்க வேண்டியது ஒடுக்கத்தை. மூட்டிலிருந்து நுனிவரை விடாமல் ஒடுங்கிக்கொண்டே போனால் அது நோஸ் பிளேயர். ஆணிக்குப் பக்கத்தில் வெட்டும் விளிம்பு தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம், இதிலும் பெரும்பாலும் அது உண்டு.

பிடித்ததை விடாமல் பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேயருக்கு வாயைப் பார்க்கவே வேண்டாம். வைஸ் கிரிப் என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் புரியும். அதில் நீள மூக்கு வகையும் உண்டு, வாயை மட்டும் பார்த்தால் சாதாரண நோஸ் பிளேயர் என்றே தோன்றும். பிடியின் கடைசியைப் பாருங்கள். சொரசொரப்பான திருகு ஒன்று வெளியே நீட்டியிருக்கும். இன்னொரு பிடிக்குள் பூட்டை விடுவிக்கும் சின்ன நெம்புகோல் இருக்கும். ஆணியும் ஒன்றல்ல, பல. வாய் முழுக்க வேறு கருவிகளுக்கு அடியில் புதைந்திருந்தாலும், பிடியை வைத்தே நிச்சயமாகச் சொல்லக்கூடியது இந்த ஒன்றைத்தான். மற்ற மூன்றிலும் வாய் மறைந்திருந்தால் ஊகிக்காமல் இன்னொரு படம் கேட்பதே நல்லது.

அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினேன். சிவப்புப் பிடிக்காரனின் வாய் மூட்டைவிட ஒன்றரை மடங்கு, நடுவில் முட்டை இடைவெளி. காம்பினேஷனேதான். அதை வைத்தும் டையை வெட்டலாம். ஆனால் விளிம்பு தடித்த தாடைக்குள் அடங்கியிருப்பதால் ஒட்ட வெட்ட வராது. மிஞ்சுகிற துண்டு கூராக நின்று, பின்னால் அங்கே கைவிடுகிறவர் விரலைக் கிழிக்கும். பக்கத்திலேயே அரமொன்றின் அடியில் பாதி மறைந்து ஒரு குட்டைத் தலை. நுனிவரை ஓடிய சரிவான பளபளப்பு மட்டும் கண்ணில் பட்டது.

"அரத்தை நகர்த்திட்டு நேர் மேலே இருந்து இன்னொரு படம் எடுப்பா" என்றேன். வந்த படத்தில் வாய் மூட்டின் அகலத்தைவிடக் குறைவு, பல் ஒன்றுகூட இல்லை. அதை எடுக்கச் சொன்னேன். டையின் வால் தலையோடு மட்டமாகப் போயிற்று.