படம் நிற்கிறது, குரல் ஓடுகிறது: கோளாறு சிக்னலிலா, பாக்ஸிலா?

கேபிள் செட்டாப் பாக்ஸில் ஒரே ஒரு சேனலில் படம் அப்படியே நின்றுவிடுகிறது, பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆப்ரேட்டரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் "பாக்ஸ் போச்சு, மாத்திடுங்க" என்பார். பணம் கொடுப்பதற்கு முன் சிக்னல் பலவீனமா, பாக்ஸுக்குள் தரவைப் படமாக்கும் டிகோடரில் கோளாறா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம்.

சிக்னல் மோசமானால் குரலும் சேர்ந்துதானே போக வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு ஹெச்.டி. சேனலில் படத்துக்கு வினாடிக்கு 6 முதல் 8 மெகாபிட் போகிறது என்றால், குரலுக்குப் போவது 0.2 மெகாபிட் அளவுதான். வழியில் தரவு சிதையும்போது அடி பெரும்பாலும் படத்தின் மேல்தான் விழும். அதோடு, படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக வருவதில்லை. இடையிடையே ஒரு முழு ஃபிரேம் வரும், மற்றவை அதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். அந்த முழு ஃபிரேம் கெட்டால் அடுத்தது வரும்வரை படம் தடுமாறும். குரல் சில பத்து மில்லிவினாடித் துண்டுகளாக வருவதால், ஒன்று கெட்டாலும் அடுத்தது சரியாகிவிடும். ஆகவே குரல் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து சிக்னலைக் குற்றமில்லை என்று விடக்கூடாது.

வித்தியாசம் படம் நிற்கும் விதத்தில் தெரியும். சிக்னல் பலவீனம் என்றால் நிற்பதற்கு முன்னோ பின்னோ படம் கட்டம் கட்டமாக உடையும், குரலிலும் சின்னதாக ஒரு 'க்ளிக்' விழும், ஓரிரு வினாடியில் தானாகச் சரியாகி மறுபடி கெடும். டிகோடர் கோளாறில் படம் ஃபோட்டோ போலச் சுத்தமாக நிற்கும், குரலில் ஒரு பிசிறும் இருக்காது. சேனலை மாற்றித் திரும்பி வந்தால்தான் படம் நகரும்.

இந்த 'ஒரே சேனல்' என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. சிக்னல் சேனல் வாரியாக வருவதில்லை. ஒரு ஃப்ரீக்வென்சியில் பல சேனல்கள் ஒன்றாக வருகின்றன. கேபிளில் தரவை அனுப்பும் 64-QAM முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் வினாடிக்குச் சுமார் 38 மெகாபிட் அடங்கும். ஆக, கோளாறு சிக்னலில் இருந்தால் அதே ஃப்ரீக்வென்சியில் உள்ள மற்ற சேனல்களும் கொஞ்சமாவது கெட வேண்டும். எந்தெந்தச் சேனல் ஒரே ஃப்ரீக்வென்சி என்பதைப் பல பாக்ஸ்களில் சேனல் தகவல் பக்கத்தில் பார்க்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஹெச்.டி. சினிமா சேனல் மட்டும் இப்படி நின்றது. டிகோடர் என்றே எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். மெனுவில் பார்த்தால் Signal Strength நன்றாகவே இருந்தது, Signal Quality மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதே ஃப்ரீக்வென்சியில் இருந்த செய்திச் சேனலைப் பொறுமையாகப் பார்த்தபோது, ஓரத்தில் ஓடும் எழுத்தில் அவ்வப்போது கட்டம் உடைந்தது. வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. தரவும் குறைவு என்பதால் அடியும் குறைவு. ஸ்ப்ளிட்டரைக் கழற்றினால் கனெக்டரின் நடுக்கம்பி பச்சை பூத்திருந்தது. வயரின் நுனியை வெட்டி, புது கனெக்டர் போட்டதும் குவாலிட்டி அசையாமல் நின்றது, சேனலும் சரியாகிவிட்டது. இப்படிப்பட்ட மோசமான இணைப்பு ஒரு சில ஃப்ரீக்வென்சியை மட்டும் கடித்துவிட்டு மற்றதை விட்டுவிடும். அதனால் மற்ற சேனல்கள் நன்றாக வருகின்றன என்பதும் வயருக்கு நற்சான்றிதழ் ஆகாது.

பாக்ஸில் பென்டிரைவில் ரெக்கார்டு செய்யும் வசதி இருந்தால் நான் முதலில் செய்யச் சொல்வது அதைத்தான். கெடும் சேனலை அரை மணி நேரம் பதிவு செய்து, அதே பாக்ஸில் இரண்டு தடவை ஓட விடுங்கள். இரண்டு தடவையும் அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் கெட்டது பதிவான தரவுதான், அதாவது பாக்ஸுக்கு வந்து சேர்ந்ததே சரியில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சந்தேகம் டிகோடர் மேல்தான். அப்போது பாக்ஸ் கொதிக்கிறதா, அடாப்டர் வலுவிழந்துவிட்டதா என்று பாருங்கள். ஆனால் இவை பொதுவாக எல்லா ஹெச்.டி. சேனலையும் தாக்கும். ஒன்றை மட்டும் தாக்கினால் பாக்ஸின் மென்பொருளுக்கும் அந்தச் சேனல் அனுப்பப்படும் விதத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று நினைக்கலாம், அப்படியானால் பதிவும் ஒரே இடத்தில் நிற்கக்கூடும். அது மென்பொருள் அப்டேட்டில் சரியாக வாய்ப்பு உண்டு.

ரெக்கார்டு வசதி இல்லையா? பக்கத்து வீட்டுப் பாக்ஸை உங்கள் வயரில் மாட்டிப் பாருங்கள். அதிலும் நின்றால் அவர்கள் வீட்டில் அவர்கள் வயரிலும் அந்தச் சேனலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கும் நின்றால் கோளாறு ஆப்ரேட்டர் பக்கம், உங்கள் வயரும் பாக்ஸும் இரண்டும் தப்பின.

கலப்புக் கேஸும் உண்டு: சிக்னலில் விழும் சின்னப் பிழை ஒன்று பழைய டிகோடரை அப்படியே முடக்கிவிடும், அது தானாக மீளத் தெரியாமல் நிற்கும். புதுப் பாக்ஸ் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் பாக்ஸை மாற்றியதும் சரியானது போலத் தெரியும். ஆனால் வயரில் இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும். அதனால் வரிசை என்று கேட்டால், முதலில் கனெக்டர், ஸ்ப்ளிட்டர், வயர், அப்புறம்தான் பாக்ஸ்.