அலாய் வீலுக்கு கிளிப் வெயிட்டா, ஸ்டிக்கர் வெயிட்டா?

பரனூர் டோலைத் தாண்டி வேகம் எடுத்தால், 85-இல் ஸ்டியரிங் லேசாக உதறத் தொடங்கும். 95-இல் உள்ளங்கை மரத்துப்போகும் அளவுக்கு நடுங்கும். 105-ஐத் தாண்டினால் மெல்ல அடங்கிவிடும். புது டயர் போட்ட மூன்றாம் மாதம் எனக்கு வந்த தொல்லை இது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து போகிற உதறல் என்றால் முதலில் வீல் பேலன்சிங்கைத்தான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அலைன்மென்ட் வேறு விஷயம். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் தேய்ந்தாலோதான் அது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

என் வண்டியில் 15 இஞ்ச் அலாய் வீல். முன் இடது சக்கரத்தில்தான் கோளாறு. அதைச் சரிசெய்ய இரண்டு வகை எடைகளையும் போட்டுப் பார்த்தேன். ரிம்மின் விளிம்பில் சுத்தியலால் தட்டி ஏற்றும் கிளிப் வெயிட் ஒன்று. ரிம்மின் உட்புறத்தில் ஒட்டும் ஸ்டிக்கர் வெயிட் இன்னொன்று. இப்போது ஓடுவது ஸ்டிக்கரில். என் ஓட்டும் அதற்குத்தான்.

இத்தனை சின்ன எடைக்கு இவ்வளவு உதறலா என்று தோன்றும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த அளவு சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 15 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 3 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இழுப்பின் திசை மாறிக்கொண்டே இருக்கும். 50-இல் போனால் இதே 20 கிராமின் இழுப்பு முக்கால் கிலோதான். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை.

கிளிப்புக்கு உள்ள உண்மையான நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தில் எடை சமமில்லாமல் இருப்பது மேலும் கீழுமாகக் குதிக்க வைப்பதோடு நிற்பதில்லை. உள்விளிம்பில் ஒரு பக்கமும் வெளிவிளிம்பில் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் எடை கூடியிருந்தால் சக்கரம் இடமும் வலமுமாக நெளியும். இந்த நெளிவும் ஸ்டியரிங்கை ஆட்டும். அதைப் பிடிக்க உள்ளே ஓர் எடை, வெளியே ஓர் எடை என்று இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடினால் குறைந்த கிராமே போதும். கிளிப் இரண்டு விளிம்பிலும் உட்காரும் என்பதால் ரிம்மின் முழு அகலமும் கிடைக்கிறது. ஸ்டிக்கரில் வெளிப்பக்க எடையை ஸ்போக்குக்குப் பின்னால்தான் ஒட்ட முடியும். தூரம் சுருங்கிவிடுவதால் கிராம் கூடும். பல கடைகளில் கிராம் கணக்கில்தான் காசு வாங்குகிறார்கள், அதனால் செலவும் கொஞ்சம் கூடும்.

அப்படியும் நான் கிளிப்பை விட்டதற்குக் காரணம் விளிம்பு. ஓராண்டுக்குப் பிறகு கழற்றியபோது, கிளிப் கவ்வியிருந்த இடத்தில் பூச்சு உரிந்து, அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. வெளிவிளிம்பில் இருந்த கிளிப் பிளாட்பார ஓரத்தில் உரசி ஏற்கெனவே பாதி நகர்ந்திருந்தது. எல்லா அலாய் விளிம்பிலும் கிளிப் ஒழுங்காகக் கவ்வாது என்பதும் உண்டு. இரும்பு ரிம்மில் கதை வேறு, அங்கே கிளிப் நன்றாகவே நிற்கிறது. ஆனால் இரும்பு ரிம் வண்டியை நான் சில மாதங்கள்தான் ஓட்டியிருக்கிறேன், அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஸ்டிக்கரின் பெயரைக் கெடுப்பது ஒன்றே ஒன்று: விழுந்துவிடும். எனக்கும் விழுந்தது. முதல் முறை, எங்கே எவ்வளவு எடை வேண்டும் என்று சக்கரத்தைச் சுற்றிச் சொல்லும் பேலன்சிங் மெஷின் உள்ளே 35, வெளியே 20 கிராம் காட்டியது. ஒட்டிக்கொண்டு வந்தேன், உதறல் சுத்தமாகப் போயிற்று. ஆறு வாரத்தில் திரும்பி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்போக்குக்குப் பின்னால் 20 கிராம் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகத் தடம் மட்டும் இருந்தது. விரலால் தேய்த்தேன். கறுப்பு மாவு போலப் பிரேக் தூசி வந்தது. பசை ரிம்மில் ஒட்டவே இல்லை, தூசிமேல்தான் ஒட்டியிருக்கிறது.

இரண்டாம் முறை வேறு கடைக்குப் போய் பக்கத்திலேயே நின்றேன். “தம்பி, பழைய எடை எல்லாத்தையும் எடுத்துட்டு முதலில் துடைச்சிடுங்க” என்றேன். பழைய பசையைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். முதல் துணி கறுப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது வெள்ளையாகவே வந்தது. அந்த மூன்றாவது துணி வரை போகாமல் ஒட்டக் கூடாது. ஸ்பிரிட் உலர்ந்ததும், பசைப் பக்கத்தில் விரல் படாமல் தாளை உரித்து ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தினார். கையால் ஒரு தட்டு தட்டி விட்டால் ஓரங்கள் ஒட்டாது. பசை முழுப் பிடி பிடிக்க ஒரு நாளாவது ஆகும், அதுவரை பிரஷர் வாஷ் வேண்டாம்.

அப்புறம் இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மெஷின் இரண்டு பக்கமும் 0 காட்டியதும், சக்கரத்தைத் தளர்த்தி, அரைச்சுற்று திருப்பிப் பூட்டி மறுபடி சுற்றச் சொன்னேன். “ஜீரோ வந்திருச்சே சார்” என்றார். “ஒரு தடவை பார்த்துடலாம்பா” என்றேன். வெளியே 15 காட்டியது. சக்கரம் மெஷினில் நடுவாக உட்காரவில்லை என்று அர்த்தம். நடுத்துளையில் ஒட்டியிருந்த துருவையும் மண்ணையும் துடைத்து, சக்கரத்தை மெஷினில் நடுவாக நிறுத்தும் கூம்பை மாற்றி ஏற்றியதும் கணக்கே மாறியது: உள்ளே 25, வெளியே 30. இதன்படி ஒட்டிய பிறகு எப்படித் திருப்பிப் பூட்டினாலும் 5-க்குள்தான் நின்றது. இந்தச் சோதனை கிளிப்புக்கும் பொருந்தும்.

எடை மிக அதிகமாகக் கேட்டால், ஒரு பக்கத்துக்கே 60, 70 கிராம் என்று போனால், ஒட்டிக்கொண்டே போகாமல் டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் கனமான பக்கமும் ரிம்மின் கனமான பக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் இதிலேயே பெரும்பகுதி குறைந்துவிடும். 40, 50 வேகத்திலேயே ஆடுகிறது என்றால் ரிம் வளைந்திருக்கலாம், டயர் வீங்கியிருக்கலாம். அதை எந்த எடையும் சரிசெய்யாது. மெஷினில் சுற்றும்போது ரிம் விளிம்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அலைவது கண்ணுக்கே தெரியும்.

அந்த ஸ்டிக்கர் ஒட்டி 14,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு மழைக்காலமும் போய்விட்டது. வண்டி கழுவும்போதெல்லாம் ஸ்போக்குக்குள் கைவிட்டு ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் நகத்தால் நெம்பிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் அசையவில்லை.