ஒரே 12 மடங்கு பி.இ.: மணலி வால்வு கம்பெனியா, எம்.சி. ரோடு ஜவுளியா?

கணக்குக்காக இரண்டு கற்பனைக் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மணலியில் ஆலைகளுக்கு வால்வு செய்து கொடுப்பது. மற்றொன்று, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தொடங்கிக் கிளை பரப்பும் ஜவுளிக்கடை. இரண்டுக்கும் கடந்த ஆண்டு பங்கு ஒன்றுக்கு லாபம் 20 ரூபாய், சந்தை விலை 240 ரூபாய். விலையை லாபத்தால் வகுத்தால் வரும் பி.இ. 12. வால்வு கம்பெனி 6 சதவீதமும் ஜவுளி 9 சதவீதமும் வளர்கின்றன. ஒரே விலையில் வேகமாக வளர்வதை வாங்குவதுதானே லாபம் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

டிவிடெண்ட் ஒரே வேகத்தில் என்றென்றும் வளரும் என்று வைத்தால், நியாயமான பி.இ. இப்படி வரும்:

```
அடுத்த ஆண்டு லாபத்துக்கு = பே-அவுட் ÷ (எதிர்பார்க்கும் வருமானம் − வளர்ச்சி)
கடந்த ஆண்டு லாபத்துக்கு = மேலே வந்தது × (1 + வளர்ச்சி)
```

பே-அவுட் என்பது லாபத்தில் டிவிடெண்டாகப் போகும் பங்கு. எதிர்பார்க்கும் வருமானத்தை இரண்டுக்கும் 12 சதவீதம் என்று வைப்போம்: அரசுக் கடன் பத்திரத்துக்கு 7, பங்குச் சந்தை ஆபத்துக்கு 5.

வால்வு கம்பெனி லாபத்தில் 60 சதவீதத்தைக் கொடுத்துவிடுகிறது. 0.60 ÷ 0.06 = 10. கடந்த ஆண்டு லாபத்துக்கு 10.6 மடங்கு, விலை 212 ரூபாய். ஜவுளி கொடுப்பது 25 சதவீதம்தான். 0.25 ÷ 0.03 = 8.33. கடந்த ஆண்டு லாபத்துக்கு 9.08 மடங்கு, விலை சுமார் 182 ரூபாய். 240 ரூபாய்க்கு வால்வு 13 சதவீதம் விலை கூடுதல், ஜவுளி 32 சதவீதம் கூடுதல்.

வேகமாக வளர்வது ஏன் மலிவாக இருக்க வேண்டும்? வளர்ச்சி சும்மா வருவதில்லை, டிவிடெண்டை வெட்டி வருகிறது. லாபத்தில் கையில் நிறுத்திய பகுதியை ஆர்.ஓ.இ.-யால், அதாவது உரிமையாளர்களின் முதலீடு ஈட்டும் விகிதத்தால், பெருக்கினால் வளர்ச்சி கிடைக்கும். வால்வு: 40% × 15% = 6%. ஜவுளி: 75% × 12% = 9%. ஜவுளியின் முதலீடு ஈட்டுவதும் 12, நாம் கேட்பதும் 12. மிண்ட் தெருவில் 12 வட்டிக்கு வாங்கி 12 வட்டிக்கே விடுபவர் எத்தனை லட்சம் புரட்டினாலும் மிச்சம் என்ன? ஜவுளி தன் பே-அவுட்டை 60 ஆக்கினால் வளர்ச்சி 4.8 ஆகக் குறையும், 0.60 ÷ 0.072, மறுபடியும் அதே 8.33. எவ்வளவு கிளை திறந்தாலும் எண் நகராது. வால்வு கம்பெனியோ பே-அவுட்டை 40 ஆகக் குறைத்தால் வளர்ச்சி 9 ஆகி, 0.40 ÷ 0.03 = 13.3 மடங்கு தாங்கும். அங்கே மறுமுதலீடு கேட்ட வருமானத்தைவிட 3 புள்ளி அதிகம் ஈட்டுகிறது. ஆகவே வளர்ச்சி எண்ணைத் தனியாக யூகித்து சூத்திரத்தில் போடாதீர்கள். பே-அவுட்டை மாற்றினால் வளர்ச்சியும் மாற வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொரு வேறுபாடு, தவறுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. பே-அவுட் அப்படியே இருக்க, வளர்ச்சியை ஒரு புள்ளி தவறாக மதிப்பிட்டோம் என்று வைப்போம். அடுத்த ஆண்டு லாபத்துக்கு வால்வின் மடங்கு 8.6 முதல் 12 வரை ஆடும். ஜவுளியினுடையது 6.25 முதல் 12.5 வரை ஆடும். வகுக்கும் எண் 3 புள்ளிதான் என்பதால் வரும் ஆட்டம் இது. 240 ரூபாயை நியாயப்படுத்த ஜவுளியின் ஆர்.ஓ.இ. 12-லிருந்து சுமார் 12.95-க்குப் போனாலே போதும் என்று கணக்கு காட்டும். அதை நம்பி வாங்காதீர்கள், வளர்ச்சி 9.7 சதவீதம் என்றென்றும் நீடிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். வளர்ச்சி 12-ஐத் தொட்டாலோ சூத்திரமே செத்துவிடும். அப்படிப்பட்ட கம்பெனிக்கு முதல் சில ஆண்டுகளைத் தனியாகக் கணக்கிட்டு, வேகம் அடங்கிய பிறகே இதைப் பயன்படுத்த வேண்டும்.

வால்வுக்கும் ஒரு பொறி உண்டு. ஆலைகள் ஆர்டரை நிறுத்திய ஆண்டில் லாபம் 10 ரூபாயாகி, டிவிடெண்ட் 12 ரூபாயிலேயே நின்றால் பே-அவுட் 120 சதவீதமாகத் தெரியும். அதைச் சூத்திரத்தில் போட்டால் வருவது குப்பை. ஐந்தாண்டு டிவிடெண்டின் கூட்டுத்தொகையை ஐந்தாண்டு லாபத்தின் கூட்டுத்தொகையால் வகுத்து எடுங்கள். கம்பெனி தன் பங்குகளையே திரும்ப வாங்கி பைபேக் செய்திருந்தால் அந்தப் பணத்தையும் டிவிடெண்டோடு சேருங்கள்.