நோட்டா, வீடியோவா: ஒரே காலையில் எதிரணியைப் படித்துக் கபடி ஆடுவது

பள்ளி அளவில் குறுவட்டக் கபடி நாக்அவுட். தோற்றால் பஸ் ஏற வேண்டியதுதான். முதல் சுற்றை ஜெயித்த பிறகு, அடுத்து யாருடன் மோதப்போகிறோமோ அந்த அணி பக்கத்து ஆடுகளத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க நமக்குக் கிடைப்பது அந்த ஒரு ஆட்டம்தான். செல்போனில் எடுப்பதா, நோட்டில் குறிப்பதா?

வீடியோவின் பலம், திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பது. ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிப் போனஸ் பாயிண்ட் எடுக்க எந்தக் காலை முன்னால் வைக்கிறான், பின்கால் எப்போது தூக்குகிறான் என்பதெல்லாம் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் முப்பது நிமிட ஆட்டத்தைப் பார்க்க முப்பது நிமிடம் வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம்தான் இருக்கிறது, அதற்குள் பையன்கள் தண்ணீர் குடித்து வார்ம்அப்பும் செய்ய வேண்டும். மத்தியான வெயிலில் போன் திரையில் எதுவும் தெரியாது என்பது வேறு.

நோட்டில் குறித்தால் ஆட்டம் முடியும்போது கணக்கும் முடிந்திருக்கும். அதனால் நான் நோட்டையே நம்புகிறேன், போன் முக்கிய ரெய்டருக்கு மட்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். தனியாக எழுதினால் குனிந்த நேரத்தில் ஒரு ரெய்டு போய்விடும். ரெய்டுக்கு ஒரு வரி போதும்: ஜெர்சி எண், எந்தப் பக்கம் போனான், எதிரே எத்தனை பேர் நின்றார்கள், என்ன ஆனது, அப்போதைய ஸ்கோர். ஸ்கோரை விட்டுவிடாதீர்கள். பத்துப் பாயிண்ட் முன்னிலையில் இருப்பவன் சும்மா பாடிவிட்டுத் திரும்புவான், அதைப் பார்த்து "இவனுக்கு ஒன்றும் வராது" என்று ஏமாந்துவிடுவோம்.

இன்னொரு தவறு, பக்கத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்து எழுதுவது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், குறிப்பு தலைகீழாகிவிடும். நான் ஒருமுறை இப்படிக் குழம்பி, தவறான கார்னரை எச்சரித்தேன். எப்போதும் பிடிப்பவரின் வலது, இடது என்றே எழுதுங்கள்.

போன வருடம் எடுத்த கணக்கு இது. எதிரணியின் 28 ரெய்டில் 15 ரெய்டு ஐந்தாம் எண் பையனுடையது. அவனுக்குப் போனஸ் ஆறு, தொடு பாயிண்ட் மூன்று. நான்கு தடவை வெறுங்கையோடு திரும்பினான், இரண்டு தடவை பிடிபட்டான். ஆறு போனஸில் ஐந்து வலது கார்னர் பக்கம். பிடிபட்ட இரண்டு தடவையும் எதிரே ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோதான் நின்றார்கள். இதைப் பார்த்ததும் எங்கள் கேப்டன், "சார், போனஸ் இல்லேன்னா அவனுக்கு வேலையே இல்லையே" என்றான். சரியாகச் சொன்னான். ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. ஐந்தாகிவிட்டால் அவன் தொட்டே ஆக வேண்டும், உள்ளே வந்தே ஆக வேண்டும்.

இனித் திட்டம். இரண்டு வழி இருந்தது. ஒன்று, போனஸுக்குக் கால் நீட்டும்போதே வலது கார்னர் கணுக்காலைப் பிடிப்பது. பின்கால் காற்றில் இருக்கும் அந்த நொடியில் அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான், பிடி விழுந்தால் தப்பிப்பது கஷ்டம். போனஸ் கோட்டைத் தாண்டிய பிறகு பிடித்தால் போனஸ் அவனுக்குத்தான், ஆனால் அவன் வெளியே போவான். பிடி நழுவினால் போனஸும் தொடு பாயிண்டும் கொடுத்து நம் கார்னரையும் இழப்போம். கவர் வந்து சேர்வதற்குள் கார்னர் மட்டும் பாய்வது பள்ளி அணிகளில் அடிக்கடி நடப்பதால் இந்த ஆபத்து பெரியது.

இன்னொன்று, ஆறு, ஏழு பேர் நிற்கும்போது போனஸை விட்டுக்கொடுத்துத் தொடு பாயிண்டை மட்டும் தடுப்பது. ஒரு பாயிண்ட் போகும், ஆள் போகமாட்டான். ஐந்து பேரானதும் மொத்தமாக மூடுவது. வழக்கமாக அந்த நிலையில்தான் பையன்கள் பதறுவார்கள். இந்த ரெய்டரைப் பொறுத்தவரை அதுதான் நமக்கு நல்ல நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

நான் இரண்டாவதை எடுத்தேன். ஆனால் ஒழுகும் போனஸை ஈடுகட்ட நம் பக்கம் நம்பகமான ரெய்டர் இருந்தால்தான் இது சரிப்படும். இல்லாத அணி, நல்ல பிடி உள்ள கார்னரை வைத்து முதல் வழியில் துணியலாம்.

பையன்களிடம் மூன்று வரிதான் சொன்னேன். ஐந்தாம் எண் வந்தால் வலது கார்னர் பாயாதே. ஐந்து பேரானால் அவன் நன்றாக உள்ளே வரும்வரை பொறு, பிறகு சேர்ந்து மூடு. நம் ரெய்டு அவர்களுடைய இடது கார்னரில், அந்தக் கார்னர் முன்னால் ஏறி நிற்கிறான்.

முதல் பாதியில் நான்கு போனஸ் கொடுத்தோம், இரண்டு தடவை அவனைப் பிடித்தோம். இரண்டாம் பாதியில் அவன் இடது கார்னர் பக்கம் மாறிவிட்டான். அப்போதும் இரண்டாவது வரி மட்டும் அப்படியே செல்லுபடியானது.