சுக்ரலோஸ்: கிலோவுக்கு 5 மி.கி.யா, 15 மி.கி.யா?

சோதித்தது எலியை, வகுத்தது 100-ஆல், விடை மட்டும் இரண்டு. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பை ஆயுள் முழுக்க தினமும் எவ்வளவு உட்கொள்ளலாம் என்ற கேள்விக்கு, ஜெக்ஃபா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஐ.நா. நிபுணர் குழு 1990-இல் உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. என்றது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 1998-இல் அதே இனிப்புக்கு அனுமதி கொடுத்தபோது 5 மி.கி. என்றது. ஐரோப்பிய அறிவியல் குழு 2000-இல் 15 பக்கம் சேர்ந்துகொண்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளைக்கு 300 மி.கி.யா, 900 மி.கி.யா என்ற வித்தியாசம்.

பாடப்புத்தகச் சூத்திரத்தைப் பார்த்தால் இப்படி ஒரு தகராறுக்கு இடமே இல்லை போலத் தெரியும்.

```
ADI = NOAEL / 100
நாளளவு (மி.கி.) = ADI × உடல் எடை (கிலோ)
```

NOAEL என்பது சோதனையில் விலங்குகளுக்கு எந்தத் தீங்கும் தென்படாத மிக உயர்ந்த அளவு. ADI, அதாவது ஏடிஐ, மனிதருக்கு ஏற்கத்தக்க தினசரி அளவு. ஜெக்ஃபா 1500-ஐ 100-ஆல் வகுத்தது; எஃப்டிஏ 500-ஐ 100-ஆல் வகுத்தது. ஆகவே சண்டை வகுத்தலில் இல்லை, மேலே இருக்கும் எண்ணில்தான்.

முதலில் 1500 எப்படி வருகிறது என்று பார்ப்போம். நீண்டகாலச் சோதனையில் பொருளைத் தீவனத்தோடு கலந்து வைப்பார்கள். எலி விருப்பப்படி தின்னும். சுக்ரலோஸின் இரண்டாண்டுச் சோதனையில் உச்சக் கலவை தீவனத்தில் 3 சதவீதம், அதாவது ஒரு கிலோ தீவனத்தில் 30,000 மி.கி. வளர்ந்த எலி சுமார் 400 கிராம் இருக்கும், நாளைக்குச் சுமார் 20 கிராம் தின்னும். அந்த 20 கிராமில் 600 மி.கி. சுக்ரலோஸ் இருக்கிறது. 0.4 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 1500 மி.கி. நச்சியலில் நெடுநாளாகப் புழங்கும் குறுக்குவழியும் இதையே தரும்: தீவனத்தில் 1 பிபிஎம், அதாவது ஒரு கிலோ தீவனத்தில் 1 மி.கி., இருந்தால் வளர்ந்த எலிக்கு அது கிலோவுக்கு 0.05 மி.கி.

இதே தீவனத்தை 100 கிராம் எடையுள்ள குட்டி எலிக்கு வையுங்கள். அது 10 கிராம் தின்னும். 300 மி.கி.யை 0.1 கிலோவால் வகுத்தால் 3000. தீவனம் மாறவில்லை, சதவீதம் மாறவில்லை, கிலோவுக்கான அளவு இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டு வருடச் சோதனையில் எலி பெரும்பாலான நாள் வளர்ந்த எலியாகவே இருப்பதால் 0.05 பரவாயில்லை. நான்கு வாரச் சோதனைக்கு அதே எண்ணைப் போட்டால், எலி உண்மையில் வாங்கிய அளவில் பாதியைத்தான் எழுதுவோம். நல்ல அறிக்கையில் வாரா வாரம் எடையும் தின்ற தீவனமும் அளந்து, அதிலிருந்து கணக்கிட்ட சராசரி இருக்கும். அது பெரும்பாலும் முழு எண்ணாக வராது. 500, 1500 என்று வழவழப்பான எண்ணைக் கண்டால், அது அளந்ததா, குறுக்குவழியில் வந்ததா, நிர்ணயித்துக் கொடுத்த அளவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மாணவர் விடைத்தாள்களில் இதைவிடப் பெரிய விபத்து ஒன்று உண்டு. 'கிலோவுக்கு 30,000 மி.கி.' என்று இருப்பதைத் தீவனத்தின் கிலோ என்று பார்க்காமல் எலியின் கிலோ என்று எடுத்து, 100-ஆல் வகுத்து, ஏடிஐ 300 என்று எழுதிவிடுவது. கண்டுபிடிப்பது எளிது. 60 கிலோவால் பெருக்கினால் 18,000 மி.கி., அதாவது நாளைக்கு 18 கிராம். சர்க்கரையைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிக்கும் பொருளில் 18 கிராம்! பத்து கிலோவுக்கு மேல் சர்க்கரையின் தித்திப்பு அது. அந்த இடத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டு அலகைப் பார்க்க வேண்டும்.

இனி 500. அதிக சுக்ரலோஸ் கலந்த தீவனத்தைத் தின்ற எலிகள் மற்ற எலிகளைவிடக் குறைவாகவே எடை போட்டன. ஏன் என்பதற்கு இரண்டு விளக்கம் சாத்தியம். ஒன்று, 3 சதவீதக் கலவையின் சுவை எலிக்குப் பிடிக்கவில்லை. குறைவாகத் தின்றது, அதனால் இளைத்தது. இது நச்சு அல்ல, வாய்க்கு ஒவ்வாமல் போனது. இரண்டு, தின்றதற்கு ஏற்ற அளவுகூட எடை ஏறவில்லை. பொருளே உடலில் ஏதோ செய்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுக்ரலோஸே இல்லாத தீவனத்தை, சோதனை எலி தின்ற அளவுக்கே குறைத்து இன்னொரு கூட்டத்துக்குக் கொடுப்பது. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இளைத்தால் காரணம் பசிதான். சோதனை எலி அதைவிட அதிகமாக இளைத்தால், மீதிக்குப் பொருள் பதில் சொல்ல வேண்டும்.

ஜெக்ஃபா எடைக் குறைவைச் சுவையின் கணக்கில் எழுதியது. அதனால் 3 சதவீதமே தீங்கற்ற அளவாக நின்றது. குறைவாகத் தின்றது மட்டும் எடைக் குறைவு முழுவதையும் விளக்கவில்லை என்று எஃப்டிஏ கருதியது. அதனால் கீழே இறங்கி 500-இல் நின்றது. ஒரே விளைவை ஒருவர் 'தீங்கு' என்றும் மற்றவர் 'தீங்கல்ல' என்றும் எடுத்துக்கொண்டதில்தான் மூன்று மடங்கு பிறந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் கலந்திருக்கிறது. உடல் எடைதான் இங்கே விளைவு, உடல் எடைதான் கணக்கின் கீழ் எண்ணும். எலி இளைத்தால் அதே 600 மி.கி. இன்னும் சின்ன எண்ணால் வகுபடும். 350 கிராம் எலிக்கு அது 1700-ஐத் தாண்டிவிடும். பிடிக்காத தீவனத்தை எலி கிளறிக் கூண்டுக்கு அடியில் கொட்டும். கொட்டியதைக் கழிக்காவிட்டால் தின்றதாகவே கணக்கு ஏறும். இரண்டும் அளவை ஒரே திசையில், மேல்நோக்கித் தள்ளுகின்றன. அதில் கொட்டியதைக் கழிக்காத பிழை தீங்கற்ற அளவை உண்மையைவிடப் பெரிதாகவே காட்டும். குழாய் வழியே நேரடியாக இரைப்பைக்குள் கொடுக்கும் முறையில் இந்தச் சுவைச் சிக்கல் இல்லை, எடைக்குத் தகுந்தபடி மி.கி. நிர்ணயித்தே கொடுக்கலாம். ஆனால் நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது போல அது இருக்காது. மொத்தமாக ஒரே வேளையில் உள்ளே போகும்.

மூன்றாவதாக ஒரு வழியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருந்தியல் படித்து வருகிறவர்கள் உடனே கேட்பார்கள்: எலியின் கிலோவும் மனிதனின் கிலோவும் எப்படிச் சமம்? சிறிய உடல் வேகமாக எரிக்கும், வேகமாக வெளியேற்றும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் முறை இதை உடல் எடையின் முக்கால் அடுக்கை வைத்துச் சரிசெய்கிறது; கிலோவுக்கான அளவாக்க எடையால் வகுக்கும்போது மிஞ்சுவது கால் அடுக்கு. எலி 0.25 கிலோ, மனிதன் 70 கிலோ என்றால், எடை விகிதம் 280; அதன் கால் அடுக்கு 4.1. ஆகவே எலியின் 500, மனிதனுக்கு ஏறக்குறைய 122.

இப்போது இந்த 122-ஐ மறுபடி 100-ஆல் வகுத்து 1.2 என்று எழுதினால் தப்பு. நூறு என்பது எலியிலிருந்து மனிதனுக்கு 10, மனிதருக்குள்ளேயே உள்ள வேறுபாட்டுக்கு 10. முதல் பத்தை உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டல் 4 × 2.5 என்று பிரிக்கிறது. 4 என்பது உடல் பொருளைக் கையாளும் வேகத்துக்கு, 2.5 என்பது உறுப்புகள் காட்டும் உணர்திறனுக்கு. அந்த 4-ம் நாம் மேலே கண்ட 4.1-ம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு கடனை இரண்டு தடவை அடைக்க வேண்டாம். முகமையும் சரிசெய்த பிறகு முதல் பத்தை 3 ஆகக் குறைத்துவிடும்: 122-ஐ 30-ஆல் வகுத்தால் 4.1. நேரடியாக வகுத்து வந்த 5-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எலியில் ஒத்துப்போவது எல்லா விலங்கிலும் ஒத்துப்போகாது. 30 கிராம் சுண்டெலிக்கு அதே கால் அடுக்கு சுமார் 7; பத்தில் ஏழு அளவு வேறுபாட்டிலேயே கரைந்துபோகும். 10 கிலோ நாய்க்கு 1.6 தான். பழைய 10 எல்லோருக்கும் ஒரே 10. எனவே தீங்கற்ற அளவு சுண்டெலியிலிருந்து வந்திருந்தால் நேரடி முறையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். சுக்ரலோஸுக்கு மட்டும் இந்த முறை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. இந்தப் பொருளில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே மலத்தில் போய்விடுகிறது. உடல் எரிக்காத பொருளுக்கு எரிக்கும் வேகத்தை வைத்துத் திருத்தம் போடுவதில் பெரிய லாபம் இல்லை.

மனிதர் பக்கம் வந்தால் பெருக்கல் மட்டுமே மிச்சம். எஃப்டிஏ தன் அட்டவணையில் 60 கிலோ ஆளுக்கு 23 பொட்டலம் என்று காட்டுகிறது, 300 மி.கி.யை 23-ஆல் வகுத்தால் பொட்டலத்துக்குச் சுமார் 13 மி.கி. ஜெக்ஃபா கணக்கில் அதுவே 69 பொட்டலம் ஆகும். காபியில் இரண்டு பொட்டலம் போடும் ஆளுக்கு 5-ஆ 15-ஆ என்பது பொருட்டே இல்லை.

குழந்தையிடம் போகும்போதுதான் எண் கடிக்கிறது. 15 கிலோ குழந்தைக்கு 5 என்றால் 75 மி.கி., 15 என்றால் 225 மி.கி. ஐரோப்பாவில் சுவையூட்டிய பானத்துக்கு அனுமதித்த உச்சம் லிட்டருக்கு 300 மி.கி. உச்ச அளவில் தயாரித்த பானத்தில் 250 மி.லி. குடித்தால் 75 மி.கி. அமெரிக்கக் கணக்கில் அந்த ஒரு கிளாஸோடு அன்றைய பங்கு முடிந்தது. ஐரோப்பியக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் ஆயிற்று. அதே கிளாஸ் 60 கிலோ அப்பாவுக்குக் கிலோவுக்கு 1.25 மி.கி. தான். ஆகவே கணக்குப் போடும்போது அட்டவணையின் 60-ஐ அப்படியே எடுக்காமல், குடிப்பவரின் எடையை எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு அந்தப் பெருக்கலும் செல்லாது. 12 வாரத்துக்குக் குறைந்த சிசுக்களுக்கு ஜெக்ஃபாவின் ஏடிஐ பொருந்தாது.

ஒருநாள் 75 மி.கி.யைத் தாண்டினால் ஆபத்து என்றும் அர்த்தமில்லை. ஏடிஐ ஆயுள் முழுவதற்குமான சராசரி. எது எடுப்பது என்று கேட்டால், பெரியவருக்கு 15-ஐ வைத்துக் கணக்குப் போட எனக்குத் தயக்கமில்லை. இரண்டாண்டுச் சோதனையிலிருந்து வந்த எண் அது. தினமும் இனிப்புப் பானம் கேட்கும் 15 கிலோ பிள்ளைக்கு 5-ஐ எடுப்பேன். எடை ஏறாமல் போவதுதான் அங்கே சர்ச்சைக்குரிய விளைவு, வளரும் பிள்ளையிடம் அதைச் சந்தேகத்தின் பலனுக்கு விட மனம் வராது.