மார்த்தாண்டம் தேன் என்று விற்றார்கள். பாட்டிலில் இருந்த எண் கேரளத்து டீக்கடையுடையது

18,400 ரூபாய். பாட்டில் 230 ரூபாய் வீதம் எண்பது பாட்டில் தேன். அக்கா வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்ப வாங்கியது. இப்போது சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்து, "மூடியைத் திறந்ததும் நுரை பொங்குகிறது, புளித்த வாடை அடிக்கிறது, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அக்கா யார் முகத்திலும் விழிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். சூடு ஆறுவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படிப்பட்ட கடை என்று சொன்னால் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும். நெடுஞ்சாலையோரம், சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடத்தில், மிளகு, கிராம்பு, கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, வாசலில் ஒரு பழைய தேன்பெட்டியையும் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் வகை.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் விலையைக் கேட்டுவிட்டு, "இது உண்மையிலேயே மார்த்தாண்டம் தேனா?" என்றேன். கடைக்காரர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த உணவுப் பாதுகாப்பு உரிமச் சான்றிதழைக் காட்டினார். "அக்கா, சும்மா சொல்லவில்லை. நீங்களே பாருங்கள்" என்று தன் போனில் foscos.fssai.gov.in தளத்தைத் திறந்து, சுவரில் இருந்த 14 இலக்க எண்ணைத் தட்டினார். கடையின் பெயரும் முகவரியும் வந்தன. உரிமம் நடப்பில் இருப்பதாகவும் காட்டியது. பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்து, "இதிலும் அதே முத்திரைதான் இருக்கிறது" என்றார். இருந்தது. அதே முத்திரை, அதன் கீழே 14 இலக்கம். பணத்தைக் கொடுத்தேன்.

அவர் போனில் தட்டிக் காட்டிய எண் கடையுடையது. பாட்டிலில் இருந்தது வேறு எண். சில்லறை வியாபாரம் செய்யக் கடைக்கு உரிமம் இருக்கிறது என்பதைத்தான் சுவரில் இருந்த சான்றிதழ் சொல்கிறது. தேனை வடித்துப் பாட்டிலில் அடைத்தவர் யார் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் வேறு கேள்விக்குப் பதில் சொல்லி, 18,400 ரூபாயை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

விஷயத்தை உடைத்தவர் அக்கா வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் மாமா. ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுத்துப் பழகியவர். அவர் தேனைச் சுவைத்துக்கூடப் பார்க்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பி, எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் படித்துவிட்டு, "213 என்று தொடங்குகிறதே, இது நம் ஊர் எண் இல்லையே" என்றார்.

அந்த 14 இலக்கத்தை இப்படிப் படிக்க வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம்; 2 என்றால் சிறு வியாபாரிகளுக்குக் கொடுக்கும் வெறும் பதிவு. அடுத்த இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 24, கேரளத்துக்கு 13. மத்திய உரிமம் என்றால் அந்த இடத்தில் 00 இருக்கும். பெரிய நிறுவனங்களின் எண் 100 என்று தொடங்குவது அதனால்தான். நான்காவதும் ஐந்தாவதும் எண் வழங்கப்பட்ட ஆண்டு. மீதி, வழங்கிய அலுவலகமும் வரிசை எண்ணும், நமக்குத் தேவையில்லை. மார்த்தாண்டத்தில் வைத்துத் தேன் அடைக்கும் சிறிய ஆளாக இருந்தால் 224, கொஞ்சம் பெரிய ஆளாக இருந்தால் 124 என்று தொடங்கியிருக்க வேண்டும். 213 என்பது கேரளத்தில் ஒரு சிறு வியாபாரிக்குக் கொடுத்த பதிவு.

எண் வேறு மாநிலத்துடையது என்பதற்காக மட்டும் போலி என்று முடிவு கட்டிவிட முடியாது. கேரளத்தில் அடைத்து இங்கே ஒருவர் தன் பெயரில் விற்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அப்போது அடைத்தவரின் பெயர், முழு முகவரி, எண் ஆகியவையும், விற்பவரின் பெயரும் எண்ணும் தனித்தனியாக லேபிளில் இருக்க வேண்டும். எங்கள் பாட்டிலில் "தயாரித்து அடைப்பவர்" என்று ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு எண், ஊர் மார்த்தாண்டம். இரண்டும் ஒத்துப்போகவே வழியில்லை.

மாமாவின் மகன் அதே தளத்தில் பாட்டிலின் எண்ணைத் தட்டினான். உள்நுழைவு எதுவும் வேண்டாம். முதல் பக்கத்திலேயே FBO Search என்று இருக்கிறது. எண் நிஜமான எண்தான். ஆனால் வந்த பெயர் வேறு, ஊர் வேறு, தொழில் வகை டீயும் நொறுக்குத்தீனியும் விற்கும் சிறு கடை, பதிவும் காலாவதி. யாரோ ஒரு பாவப்பட்ட டீக்கடைக்காரரின் எண்ணை எடுத்துத் தேன் பாட்டிலில் ஒட்டியிருக்கிறார்கள். அவருக்கு இது தெரியுமோ தெரியாதோ. எண் தளத்தில் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வருகிற பெயரும் முகவரியும் லேபிளோடு பொருந்துகிறதா, தொழில் வகை தயாரிப்பு அல்லது மறுஅடைப்பு என்று இருக்கிறதா, உரிமமாக இருந்தால் பொருள் பட்டியலில் தேன் இருக்கிறதா, எண் நடப்பில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

முகவரியிலும் கோளாறு. கதவு எண் இல்லை, தெரு இல்லை; "தொழிற்கூடம், மார்த்தாண்டம்" என்று மட்டும் போட்டு, பின்கோடு 629001. அது நாகர்கோவிலுடையது. மார்த்தாண்டத்துக்கு 629165. சொந்த ஊர்ப் பின்கோடு தெரியாத கம்பெனி!

பேட்ச் எண் இன்னும் மோசம். ஒழுங்காக அடைப்பவர்கள் லேபிளை அச்சகத்தில் அடிக்கும்போது அந்த இடத்தைக் காலியாக விட்டு, அடைக்கும் நாளில் பேட்ச் எண்ணையும் தேதியையும் தனியாகக் குத்துவார்கள். அதனால் அந்த எழுத்து வேறு மையில், கொஞ்சம் கோணலாக, சில நேரம் மூடியிலோ கழுத்திலோ இருக்கும். எங்கள் பாட்டில்களில் பேட்ச் 07 என்பது லேபிளின் மற்ற எழுத்துகளோடு சேர்ந்து அதே பச்சையில் அழகாக அச்சாகியிருந்தது. சித்தி மகள் போன ஓணத்துக்கு முன்பு அதே கடையில் வாங்கிய பாட்டிலைத் தேடி எடுத்தாள். அதில் அடைத்த மாதம் வேறு. பேட்ச் மட்டும் அதே 07. எங்கள் எண்பதிலேயே சில கருந்தேன் நிறம், சில வெளிர் மஞ்சள், அவையும் 07. ஒரு தடவை அடைத்த சரக்கு கெட்டுப்போனால் அதை மட்டும் பிரித்துத் திரும்பப் பெறத்தான் பேட்ச் எண். எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டால், எது கெட்டது என்று ஒருவரும் நிரூபிக்க முடியாது.

அதைத்தான் என்னிடமும் செய்தார்கள். கடைக்குப் போனபோது, "நாங்கள் வாங்கி விற்கிறோம் அக்கா, கம்பெனியில் கேளுங்கள்" என்றார் அதே சிரிப்புக்காரர். லேபிளில் இருந்த வாடிக்கையாளர் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சரக்கு போடும் வண்டிக்காரரின் எண்ணைக் கெஞ்சி வாங்கினேன். அவர், "07 எல்லா மாதமும் வருகிறது, இது எந்த லோடு என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று வைத்துவிட்டார். மறுபடி கடைக்குப் போனால், "வெயிலில் வைத்திருப்பீர்கள்" என்கிறார். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அதற்கு மேல் இருந்தால் மூடிய பாட்டிலுக்குள்ளேயே புளித்து நுரைக்கும். நம் ஊர் அடுக்குத்தேனீத் தேன் எடுக்கும்போதே நீர்த்துத்தான் இருக்கும். பக்குவமாகச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அடைப்பார்கள் என்று மாமா சொன்னார். அந்த வேலையைச் செய்யாமல் என் வெயிலைக் குற்றம் சொல்கிறார்கள். கடைசியில், "பில்லைக் காட்டுங்கள்" என்றார். அவர்கள் கொடுத்தது "தேன் 80, ரூ. 18,400" என்று பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு. கடையின் பெயர்கூட அதில் இல்லை. 2022 ஜனவரி முதல் பில்லிலேயே உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். அதைச் சொன்னதும், "கூட்டத்தை மறைக்காதீர்கள், தள்ளி நில்லுங்கள்" என்றார். என் பணம் 18,400 ரூபாய் அவர் கல்லாவில் இருக்கிறது. தள்ளி நிற்க வேண்டியது நானாம்.

Food Safety Connect செயலியில் படங்களோடு புகார் பதிந்துவிட்டேன். நாமே பணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் சோதிக்கப் போகிறோம் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம். விருந்துக்குப் பரிசுப்பொருள் வாங்கப் போகிறவர் யார் அப்படிச் சொல்வார்கள்? ஆகவே அதிகாரி கடைக்குப் போய் மாதிரி எடுத்தால்தான் உண்டு.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சுவரில் இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள்; கையில் இருக்கும் பாட்டிலின் எண்ணை உங்கள் போனில் நீங்களே தட்டுங்கள். மொத்தமாக வாங்கும்போது பேட்ச் எண் எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்துவது இவற்றையெல்லாம் நம்பாதீர்கள். தேன் உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், ரப்பர் தேன் உறையும், நுரைத்தால் தொடாதீர்கள்.

பால்காய்ச்சுக்கு வந்து எங்கள் கையால் அந்தப் பாட்டிலை வாங்கிப் போனவர்கள் இதைப் படித்தால், தேனைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவி எடுத்துவைக்க வேண்டாம். மூடி திறக்காத பாட்டில் இருந்தால் அப்படியே வைத்திருங்கள், லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீடு வீடாக வந்து வாங்கிக்கொள்வான்.